வாடகை வீட்டைக் காலி செய்யும்போது: பொருள்களின் நிலையைப் பட்டியலிட்டு சாவியை ஒப்படைக்கும் முறை

லாரி கீழே நிற்கிறது, சாவி வாட்ச்மேன் கையில், "அட்வான்ஸை அடுத்த வாரம் அனுப்பிடறேன்" என்கிறார் ஓனர். சென்னையில் நிறைய வீடுகள் இப்படித்தான் காலியாகின்றன. அடுத்த வாரம் வரும் தொகை மட்டும் எதிர்பார்த்ததில் பாதியாக இருக்கும். கேட்டால் கீசர் ஓடவில்லை, மெத்தை வீணாகிவிட்டது, பெயிண்ட் அடிக்கணும் என்று ஒவ்வொன்றாக வரும். அதில் எது உண்மை, எது மிகை என்று அப்போது இரண்டு பக்கமும் நிரூபிக்க முடியாது. வீடு ஏற்கெனவே கைமாறிவிட்டதே!

இந்தச் சிக்கலைத் தவிர்க்கும் ஒரே வழி, சாவி கைமாறும் முன் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு பொருளின் நிலையையும் எழுதிக் கையெழுத்துப் போடுவது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களின் வீடுகளை வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் நான் கடைப்பிடிக்கும் வரிசையைக் கீழே எழுதுகிறேன். செமி ஃபர்னிஷ்டு இரண்டு பெட்ரூம் அடுக்குமாடி வீட்டை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். அதாவது ஃபேன், லைட், கீசர், ஏசி, வார்ட்ரோப், மாடுலர் கிச்சன், கட்டில் மெத்தை வரை ஓனருடையது, மற்றதெல்லாம் வாடகைதாரருடையது.

முதலில் சட்டம் சொல்வது

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017-ஆம் ஆண்டுச் சட்டம்) மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். குடிவந்தபோது வீடு இருந்த நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும், ஆனால் வழக்கமான தேய்மானம் இதில் சேராது.

யார் எதைப் பழுது பார்ப்பது என்பதற்கு அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இருக்கிறது. பலருக்கும் அது தெரியாது. வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல்களுக்குப் பெயிண்ட், குழாய் லைன் மாற்றுவது, வயரிங் ஆகியவை ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், டாய்லெட், வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், சாக்கெட், கிச்சன் பொருத்துகள், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி ஆகியவற்றின் சில்லறைப் பழுதுகள் வாடகைதாரர் பொறுப்பு. எழுத்து ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தால் அதுதான் செல்லும். "காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்குப் பிடித்துக்கொள்ளலாம்" என்ற வரி நிறைய ஒப்பந்தங்களில் இருக்கிறது. அந்த வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பட்டியல் போட உட்காரும் முன்பே பாருங்கள். இருந்தால் சுவர்க் கறையைப் பற்றி வாதாடுவதில் பயனில்லை. இல்லையென்றால் "ஊர் வழக்கம்" என்பதற்காக மட்டும் ஒரு மாத வாடகையை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

குடிவந்த நாள் பட்டியல் இல்லாவிட்டால்

காலி செய்யும்போது எழுதும் பட்டியலை வேறொன்றோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம். குடிவந்த நாளில் எழுதிய பட்டியல் இருந்தால் அதே காகிதத்தில் இன்னொரு கட்டம் சேர்த்தால் போதும். அப்படி எதுவும் இல்லையா? அப்போதைய வாட்ஸ்அப் செய்திகள், புரோக்கர் அனுப்பிய வீடியோ, வீட்டு விளம்பரத்துக்கு எடுத்த படங்கள், நடுவில் "கீசர் பிரச்சினை சார்" என்று நீங்கள் அனுப்பிய தகவல் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே ஃபோல்டரில் சேருங்கள். விளம்பரப் படங்கள் வீட்டை அழகாகக் காட்ட எடுத்தவை என்பதால் ஓனர்தான் அவற்றை அதிகம் நம்புவார். ஆனால் அவற்றில் கட்டிலும் மெத்தையும் எத்தனை பழசு என்பதும் தெரிந்துவிடும்.

பொருள்களை வாங்கிய பில் ஓனரிடம் இருந்தால் ஆண்டு தெரியும். இல்லாவிட்டால் கீசர், ஏசி, சிம்னியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் தயாரிப்பு மாதம், வருடம், சீரியல் எண் பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படம் பிடித்து வையுங்கள். பொருளின் வயது பின்னால் கணக்குப் போட அவசியம்.

பட்டியலில் எப்படி எழுதுவது

"நல்லா இருக்கு", "ஓகே" என்று எழுதிய பட்டியலால் பிரயோஜனம் இல்லை. மூன்று வருடம் கழித்து அதைப் படிப்பவருக்கு எதுவும் புரியாது. ஒவ்வொரு வரியிலும் பொருள், எண்ணிக்கை, அடையாளம், கண்ணால் பார்த்தது, ஓட்டிப் பார்த்ததன் முடிவு ஆகிய ஐந்தும் வேண்டும். உதாரணமாக வார்ட்ரோபுக்கு இப்படி எழுதலாம்:

"மாஸ்டர் பெட்ரூம் வார்ட்ரோப், 3 கதவு, வெளிர் மர நிற லேமினேட். நடுக் கதவின் மேல் கீல் தளர்ந்துள்ளது, மூடும்போது 5 மி.மீ. இறங்குகிறது. இடது டிராயர் சேனல் முழுசாக வருகிறது. வலது டிராயர் பாதியில் சிக்குகிறது. சாவி 1, டூப்ளிகேட் இல்லை. படம் 14, 15."

இதைப் படித்துவிட்டு யாரும் "கதவு உடைஞ்சிருந்தது" என்று சொல்ல முடியாது. படத்துக்கு எண் கொடுத்து அதைப் பட்டியல் வரியில் குறிப்பதுதான் முக்கியம். எண் இல்லாமல் ஐம்பது படங்கள் போனில் கிடந்தால் நேரத்தில் எதுவும் அகப்படாது. ஒவ்வொரு சேதத்துக்கும் இரண்டு படம் எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, எந்த அறை என்று தெரிவதற்கு. கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் ஒரு ஸ்கேல் அல்லது ரூபாய் நாணயம் வைத்து, அளவு தெரிவதற்கு.

எந்த நாளில், எந்த வரிசையில்

பத்துப் பதினைந்து நாள் முன்பாகவே ஒருமுறை ஓனரைக் கூப்பிட்டு வீட்டைக் காட்டிவிடுங்கள். சின்னப் பழுதுகள் அப்போதே தெரியும். தளர்ந்த கீலையும் கசியும் ஃப்ளஷ் டேங்க்கையும் நீங்களே ஆள் வைத்துச் சரி செய்தால் சில நூறு ரூபாயில் முடியும். ஓனர் பின்னால் செய்து பில் அனுப்பினால் அதே வேலைக்கு எவ்வளவு ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை.

கடைசி நாளில் சாமான் ஏற்றிய பிறகு, வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில், கரண்ட் இருக்கும்போது சுற்றிப் பாருங்கள். பீரோவும் கட்டிலும் நகர்ந்த பிறகுதான் சுவரின் ஈரத் திட்டும் டைல்ஸ் கீறலும் தெரியும். ஒன்று மட்டும் இந்த வரிசையில் சேராது: கேஸ் அடுப்பு. ஓனர் கொடுத்த ஹாப்பின் ஒவ்வொரு பர்னரும் எரிகிறதா என்பதை உங்கள் சிலிண்டரைக் கழற்றும் முன் ஓனர் முன்னிலையில் காட்டிவிடுங்கள், அல்லது வீடியோ எடுத்து அப்போதே அனுப்பிவிடுங்கள். சிலிண்டர் போன பிறகு ஹாப்பை யாராலும் சோதிக்க முடியாது.

கீசரை வாசலில் நுழைந்தவுடன் போட்டுவிடுங்கள். சுடுவதற்கு இருபது நிமிஷமாவது ஆகும். அந்த நேரத்தில் ஹாலும் பெட்ரூம்களும் முடிந்துவிடும். சூடாகும்போது கீசரின் சேஃப்டி வால்விலிருந்து நாலு சொட்டு தண்ணீர் வருவது இயல்பு, அதைக் கசிவு என்று எழுதிவிடாதீர்கள். சுவிட்ச் அணைந்து ஆறிய பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால்தான் பழுது. சூடே ஏறவில்லையா, ரொம்ப மெதுவாக ஏறுகிறதா? சென்னையில் போர்வெல் தண்ணீர் வரும் பகுதிகளில் ஹீட்டிங் எலிமெண்ட் மேல் உப்பு படிந்திருப்பதுதான் அடிக்கடி கண்ணில்படும் காரணம். முழு கீசரும் போய்விட்டது என்று ஒப்புக்கொள்வதற்கு முன் மெக்கானிக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கரண்ட் பக்கம்: ஒவ்வொரு சாக்கெட்டிலும் போன் சார்ஜர் செருகிப் பாருங்கள். 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டுக்கு அயர்ன் பாக்ஸ் போட்டுப் பார்ப்பதுதான் சரி, சார்ஜர் இழுக்கிற கொஞ்சக் கரண்டை வைத்து அதைச் சோதிக்க முடியாது. ஃபேனை ரெகுலேட்டரின் எல்லா வேகத்திலும் ஓட விடுங்கள். போர்டில் கரண்ட் கசிந்தால் தானே அணையும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தும்போது சுவிட்ச் கீழே விழ வேண்டும். விழாவிட்டால் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்து குடிவருபவரின் பாதுகாப்பு அதில் இருக்கிறது. ஏசியைக் கால் மணி நேரம் ஓட்டி, காற்று குளிர்கிறதா, தண்ணீர் வெளிக்குழாய் வழியாகப் போகிறதா, உள்ளே சொட்டுகிறதா என்று பார்த்து ரிமோட்டையும் எண்ணுங்கள். இன்வெர்ட்டர் ஓனருடையது என்றால் மெயினை அணைத்துப் பத்து நிமிஷம் விளக்கு எரிய விடுங்கள்.

தண்ணீர் பக்கம் கொஞ்சம் பொறுமை வேண்டும். சிங்க்கை முழுக்க நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, கீழே கழிவுக் குழாயில் பாட்டில் போலத் தொங்கும் பாட்டில் ட்ராப்பைச் சுற்றி ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் பேப்பரில் ஈரமாகத் தெரியும். ஃப்ளஷ் டேங்க்கில் கொஞ்சம் நீல மை விட்டு, கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் வையுங்கள். டாய்லெட் கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் டேங்க்கின் ரப்பர் சீல் போய்விட்டது. வாஷர் அளவு வேலைதான், ஆனாலும் விட்டால் தினமும் தண்ணீர் வீணாகும். பாத்ரூம் தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, எந்தப் பக்கம் தேங்குகிறது என்று பாருங்கள். தேங்கினால் அது பெரும்பாலும் கட்டியபோதே போட்ட சரிவின் குறை. அதை வாடகைதாரர் தலையில் கட்டக் கூடாது.

மரச்சாமான்களில் கையால் தொட்டுத்தான் தெரிய வேண்டியவை உண்டு. சிங்க்குக்குக் கீழ் உள்ள கேபினட் அடிப்பலகையை விரலால் அழுத்திப் பாருங்கள், உப்பியிருந்தால் மெத்தென்று இருக்கும். கட்டில் மெத்தையைத் தூக்கி, தையல் ஓரங்களில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் மூட்டைப்பூச்சியாக இருக்கலாம். வார்ட்ரோபின் பின்பக்கச் சுவரிலும் லாஃப்ட் மூலையிலும் மண் கோடு ஓடினால் கரையான். கரையான், மேல் வீட்டிலிருந்து வரும் ஈரம், பழைய வயரிங் போன்றவை வாடகைதாரர் உண்டாக்கியவை அல்ல. ஆனால் கவனித்தவுடன் ஓனரிடம் சொன்னீர்களா என்பது உங்கள் பக்கத்தில் பார்க்கப்படும்.

சாவிகளைக் கடைசியில் எண்ணுங்கள். மெயின் டோர், பெட்ரூம், பால்கனி கிரில், லெட்டர் பாக்ஸ், லிஃப்ட் கார்டு, பார்க்கிங் ஸ்டிக்கர் என்று ஒவ்வொன்றையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். ஒவ்வொரு சாவியும் அதன் பூட்டில் திரும்புகிறதா என்று போட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் மரக் கதவு உப்பிப் பூட்டு இறுகும், அதையும் குறித்துவையுங்கள்.

மூன்று வருடக் குடித்தனம்: ஒரு கணக்கு

வேளச்சேரியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வாடகை 24,000, அட்வான்ஸ் 72,000 ரூபாய். பெயிண்டிங் வரி ஒப்பந்தத்தில் இல்லை. குடும்பம் மூன்று வருடம் இருந்து காலி செய்கிறது. பட்டியல் இல்லாமல் ஓனர் கேட்டிருந்தால் இப்படிக் கேட்பார்: பெயிண்டிங் 24,000, புது கீசர் 6,500, புது மெத்தை 14,000, சிங்க் கேபினட் 4,800, ஏசி ரிமோட் 600. மொத்தம் 49,900. விலைகள் உதாரணத்துக்காகப் போட்டவை. உங்கள் ஊரில் இரண்டு கடையில் விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். மூன்று வருடத்தில் சுவர் மங்குவது தேய்மானம், அது ஓனர் செலவு. ஆனால் ஒரு பெட்ரூம் சுவரில் டி.வி. ஸ்டாண்டைப் பிடுங்கிய நாலு பெரிய ஓட்டைகளும், குழந்தை கிறுக்கிய கிரேயான் கோடுகளும் இருக்கின்றன. அந்த ஒரு சுவருக்கு பட்டியும் பெயிண்டும் 2,800 ரூபாய், வாடகைதாரர் கணக்கு. காலண்டர் மாட்டிய ஒற்றை ஆணி ஓட்டைக்குப் பணம் கேட்பது சின்னத்தனம் என்பது என் கருத்து.

கீசரை மெக்கானிக் திறந்தார், எலிமெண்ட் உப்பு பிடித்துக் கருகியிருந்தது. எலிமெண்ட்டும் டேங்க் சுத்தமும் சேர்த்து 1,900 ரூபாய். சட்ட அட்டவணைப்படி கீசர் பழுது வாடகைதாரர் பக்கம், ஆகவே 1,900 அவருடையது. புது கீசருக்குப் பணம் கேட்க இடமில்லை.

மெத்தையில் பெரிய கறையும் வாடையும் இருக்கின்றன. அது தேய்மானம் அல்ல, சேதம்தான். ஆனால் குடிவந்தபோதே அதற்கு இரண்டு வயது, இப்போது ஐந்து. ஒரு மெத்தைக்கு எட்டு வருட ஆயுள் என்று இருவரும் ஒத்துக்கொண்டால் மீதி மூன்று வருடம்தான் பாழானது. 14,000 ரூபாயில் எட்டில் மூன்று பங்கு, அதாவது 5,250 ரூபாய். ஐந்து வருடம் உபயோகித்த மெத்தைக்குப் பதில் புதியதை வாங்கித் தரச் சொன்னால் ஓனருக்கு லாபம் கிடைத்துவிடும். இந்த ஆயுள் கணக்கை சட்டம் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இருவரையும் சம்மதிக்க வைக்க இதைவிட நேரான முறை எனக்குத் தெரிந்து இல்லை.

சிங்க் கேபினட்டின் பலகை உப்பியிருந்தது. பார்த்தால் தண்ணீர் வந்தது பாட்டில் ட்ராப்பிலிருந்து அல்ல, சுவருக்குள் இருக்கும் குழாய் இணைப்பிலிருந்து. குழாய் லைன் ஓனர் பொறுப்பு. தவிர, முந்தின ஆண்டு ஜூலையில் வாடகைதாரர் படத்தோடு "சார், சிங்க் பின்னாடி சுவரில் ஈரம் வருது" என்று அனுப்பியிருக்கிறார். "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று பதிலும் வந்திருக்கிறது. ஆகவே இதில் பிடித்தம் எதுவும் இல்லை. அந்தச் செய்தி இல்லாமலிருந்தால் பாதிப் பாதி என்று போய் முடிந்திருக்கும்.

ரிமோட் தொலைந்தது, 600. ஆக, பிடித்தம் இப்படி அமைகிறது:

| பொருள் | ஓனர் கேட்டது | ஒத்துக்கொண்டது |
|---|---|---|
| பெயிண்டிங் | 24,000 | 2,800 |
| கீசர் | 6,500 | 1,900 |
| மெத்தை | 14,000 | 5,250 |
| சிங்க் கேபினட் | 4,800 | 0 |
| ஏசி ரிமோட் | 600 | 600 |
| மொத்தம் | 49,900 | 10,550 |

அட்வான்ஸில் மீதி 61,450 ரூபாய். கரண்ட் பில் இன்னும் வரவில்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால் நடுவில் காலி செய்பவரின் கடைசி பில் எப்போதும் தொங்கலில் இருக்கும். ஆகவே அன்றைய மீட்டர் ரீடிங்கை, மீட்டர் எண்ணும் தெரியும்படி படம் எடுத்துப் பட்டியலில் எழுதுங்கள். யூனிட் கூடக்கூட விலையும் ஏறும் முறை என்பதால் வெறும் யூனிட்டை வைத்து அன்றே துல்லியமாகச் சொல்ல முடியாது. இரண்டு பேரும் சேர்ந்து 2,000 ரூபாயை நிறுத்திவைத்து, பில் வந்ததும் மீதியைக் கொடுத்து முடிப்பது எளிது. அதன்படி அன்று கைக்கு வருவது 59,450 ரூபாய். அசோசியேஷன் மெயின்டனன்ஸ் பாக்கி இல்லை என்று அவர்களிடம் ஒரு கடிதம் வாங்கி அதையும் பட்டியலோடு இணைத்துவிடுங்கள்.

கையெழுத்தும் பணமும்

பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திடுங்கள். கடைசிப் பக்கத்தில் நாள், நேரம், ரீடிங், கைமாறிய சாவிகளின் எண்ணிக்கை, ஒத்துக்கொண்ட பிடித்தம், திருப்பித் தர வேண்டிய தொகை, தரும் தேதி இவை இருக்கட்டும். ஏதாவது ஒன்றில் உடன்பாடு இல்லை என்றால் கையெழுத்தை மறுக்காமல், அந்த வரிக்குப் பக்கத்தில் "இதில் எனக்குச் சம்மதமில்லை, காரணம் இது" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். மற்ற வரிகளாவது தீர்ந்துவிடும்.

ஓனர் ஊரில் இல்லையென்றால் அவர் அனுப்பும் உறவினரோ புரோக்கரோ வருவார். "சார்பில் நின்று பார்க்கவும் கையெழுத்திடவும் இவருக்கு அனுமதி" என்று ஓனர் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ முன்கூட்டியே எழுதி அனுப்பினால் பிறகு "அவருக்கு என்ன தெரியும்" என்ற பேச்சு வராது. வீடியோ காலில் சுற்றிக் காட்டுவதும் நல்லதுதான், ஆனால் அதைப் பட்டியலுக்கு மாற்றாக வைக்காதீர்கள். வீடியோ காலில் காட்டியது தானாக எங்கும் சேமிக்கப்படாது.

சாவியை யார் கையில் கொடுத்தாலும், எத்தனை சாவி என்று எழுதிய காகிதத்தில் அவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். வாட்ச்மேனிடம் கொடுப்பதாக இருந்தாலும் அப்படித்தான். ஓனர் பணம் தர மறுத்தால், சட்டப்படியான ஒரு மாதம் கழிந்ததும் பட்டியலின் நகலோடு எழுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், அதே சட்டத்தின்படி அமைந்த வாடகை அதிகாரியிடமோ வாடகை நீதிமன்றத்திலோ முறையிடும் வழி இருக்கிறது. அங்கே உங்களிடம் முதலில் கேட்பது ஒப்பந்தத்தையும் இந்தப் பட்டியலையும்தான். ஆகவே கரண்ட் பில் கணக்கு முடிந்து மீதித் தொகையும் வந்து சேரும் வரை இரண்டின் நகல்களையும், எண் போட்ட படங்களையும் போனிலிருந்து அழிக்காதீர்கள்.